ஊர் வீட்டுக்கு 13(2) நோட்டீஸ் வந்தால்: கோலாலம்பூரில் இருந்தபடி பதில் எழுதுவது

போன வருடம் ஜூலை 8-ஆம் தேதி இரவு, பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்த பெண் ஒருவர் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் நான்கு போட்டோ. திருச்சி உறையூரில் அவருக்கும் தம்பிக்கும் பொதுவான வீட்டின் பேரில் வந்த வங்கி நோட்டீஸ். தேதி 2025 ஜூன் 16. தம்பி அதை மூன்று வாரம் மேசை டிராயரில் வைத்திருந்துவிட்டு, வீட்டு வாசலை யாரோ போட்டோ எடுத்துப் போனதும் பயந்து அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார்.

"கோர்ட்டில் இருந்து கூப்பிடுவார்கள்தானே அண்ணே? அப்போது லீவ் போட்டுப் போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்றார்.

கூப்பிட மாட்டார்கள். இங்கே வருடக்கணக்கில் இருந்தவர்கள் பலரும் தடுமாறும் இடம் இதுதான். மலேசியாவில் வீட்டுக் கடன் தவறினால் வங்கி முதலில் 16D படிவத்தில் நோட்டீஸ் தரும். அப்புறம் உயர் நீதிமன்றத்திடமோ நில அலுவலகத்திடமோ உத்தரவு வாங்கித்தான் லெலோங் விட முடியும். இந்தியாவில் 2002-இல் வந்த சர்ஃபேசி சட்டம் வேறு மாதிரி. அடமானம் வாங்கிய வங்கி, எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் தானே நோட்டீஸ் கொடுத்து, தானே சொத்தைக் கைப்பற்றி, தானே ஏலம் விடலாம். அந்த நோட்டீஸுக்கும் கைப்பற்றலுக்கும் நடுவில் கடன்காரர் பேச ஒரே ஒரு இடம் இருக்கிறது. அதுதான் எழுத்து மூலமான பதில். ஊரில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தப் பதில்களை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து படித்தவன். எப்படி எழுதினால் அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், எப்படி எழுதினால் கோப்பில் போட்டு மூடுவார் என்பதை இந்தப் பெண்ணின் கதையை வைத்தே சொல்கிறேன்.

நோட்டீஸை அடையாளம் காணுங்கள், நாளை எண்ணுங்கள்

வங்கிகள் நிறையக் கடிதம் அனுப்பும். நினைவூட்டல், வக்கீல் நோட்டீஸ், கடனை மொத்தமாகத் திருப்பிக் கேட்கும் கடிதம் எல்லாம் வரும். இங்கே பேசுவது, சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவு என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி' கையெழுத்திட்ட நோட்டீஸைப் பற்றி. எவ்வளவு பாக்கி, எந்தச் சொத்தின் மேல் நடவடிக்கை என்ற இரண்டும் அதில் இருந்தாக வேண்டும். அறுபது நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டு என்று கேட்டிருக்கும். தவறிய தவணையை மட்டும் கேட்காது, முழுக் கடனையும் கேட்கும்.

அறுபது நாள் நோட்டீஸ் தேதியில் இருந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைத்த நாளில் இருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. ஜூன் 16-இல் இருந்து அறுபது நாள் என்றால் ஆகஸ்ட் 15. நாங்கள் பார்த்தது ஜூலை 8, அதாவது 22 நாள் ஏற்கெனவே போய்விட்டது.

பதிலுக்கு என்று சட்டம் தனிக் கெடு வைக்கவில்லை. ஆனால் பதில் கிடைத்தால் வங்கி அதைப் பரிசீலிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தோடு 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 13(3A) பிரிவு சொல்கிறது. அந்தப் பதினைந்து நாளும் அறுபதுக்குள் அடங்கினால்தான் உங்களுக்கு லாபம். ஆகவே நாற்பதாம் நாளுக்கு முன்பே பதில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஐம்பத்தெட்டாம் நாள் அனுப்பிய பதிலை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு வங்கியின் மறுமொழியும் கைப்பற்றல் நோட்டீஸும் அடுத்தடுத்து வந்தன.

இந்த உரிமை எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், கடன்காரரின் ஆட்சேபத்தை வங்கி மனம் வைத்துப் பார்க்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் 13(3A) சட்டத்தில் சேர்ந்தது. முதலில் ஒரு வாரமாக இருந்த கெடு பின்னால் பதினைந்து நாளானது.

இன்னொரு விஷயம். நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ, வாடகைக்கோ குத்தகைக்கோ விடவோ கூடாது. 'மச்சான் பேருக்கு மாத்தி வெச்சிடலாம்' என்று ஊரில் யாராவது யோசனை சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள்.

யார் பதில் எழுத வேண்டும்

கடன் வாங்கியவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜாமீன் போட்டவரையும், தன் சொத்தை அடமானம் வைத்தவரையும் சட்டம் கடன்காரர் என்றே கணக்கில் எடுக்கிறது. நம் கதையில் 2022 ஏப்ரலில் 30 லட்சம் ரூபாய் தொழில் கடன் வாங்கியது தம்பி. அக்கா வீட்டின் பாதி உரிமையாளர், ஜாமீன்தாரரும்கூட. இருவர் பெயரும் நோட்டீஸில் இருந்தன. ஆகவே இருவரும் கையெழுத்திட வேண்டும். தம்பி ஒன்று எழுதி அக்கா வேறொன்று எழுதினால் முரண்பாடு வரும். ஒரே கடிதம், இரண்டு கையெழுத்து என்பதே நல்லது.

இதற்குப் பவர் பத்திரம் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதில் எழுதப் பவர் தேவையில்லை. பேப்பரில் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பினாலே உங்கள் பதில்தான். பவர் எழுதத் தூதரகத்தில் தேதி வாங்கிக்கொண்டு பத்து நாளைத் தொலைத்தவர்கள் உண்டு. பவர் பின்னால் தேவைப்படலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுதும் முன் நான்கு காகிதம்

ஜூலை 9-ஆம் தேதி காலையிலேயே கிளைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டோம். கடன் தொடங்கிய நாளில் இருந்து முழு ஸ்டேட்மெண்ட், கடன் அனுமதிக் கடிதம், பத்திர ஒப்படைப்பு ஆவணத்தின் நகல் ஆகிய மூன்றையும் கேட்டோம். கிளை திறப்பது அங்கே பத்து மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. மதிய இடைவேளையில் நாமே போனும் பேசிவிடலாம். நான்காவது காகிதம் வங்கியிடம் கேட்க வேண்டியதில்லை. வில்லங்கச் சான்று tnreginet.gov.in தளத்தில் கிடைக்கும். தமிழ்நாட்டில் வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கினால் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். எந்தப் பத்திரம், எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு அடமானத்தில் இருக்கிறது என்பது அந்தப் பதிவில் தெரியும்.

வங்கி மூன்றையும் தரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். தராவிட்டால், இன்ன தேதியில் கேட்டேன், தரவில்லை என்பதே பதிலில் ஒரு வரியாகிவிடும். எங்களுக்கு ஸ்டேட்மெண்ட் இரண்டு நாளில் வந்தது, மற்றவை வரவில்லை. அனுமதிக் கடிதத்தைத் தம்பி பழைய பையில் தேடி எடுத்தார்.

கணக்கைப் படிப்பது: எங்கள் பதிலின் முதுகெலும்பு

13(2) நோட்டீஸ் கொடுக்க ஒரு முன்நிபந்தனை உண்டு. கணக்கு வாராக்கடன் ஆகியிருக்க வேண்டும். என்.பி.ஏ. என்று நோட்டீஸில் தேதியோடு எழுதியிருப்பார்கள். தவணைக் கடனில் பொதுவான விதி, பழைய பாக்கி 90 நாள் நிலுவையில் நின்றால் கணக்கு அந்தப் பட்டியலில் விழும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் பாக்கியிலேயே பழையது எந்த மாதத் தவணை?

தவணை மாதம் 41,325 ரூபாய், ஐந்தாம் தேதி. பிப்ரவரி வரை கட்டியாகிவிட்டது. மார்ச் 5 தவணை தவறியது என்று வங்கி கணக்குப் போட்டது. மார்ச் 5-இல் இருந்து 90 நாள் ஜூன் 3. நோட்டீஸிலும் அதே தேதி. வங்கிக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் அக்கா ஏப்ரல் 20-ஆம் தேதி இங்கிருந்து ஒரு தவணைப் பணத்தைத் தம்பிக்கு அனுப்பியிருந்தார். தம்பி அன்றே அதைக் கடன் கணக்குக்கு நெஃப்ட் செய்திருக்கிறார். ஸ்டேட்மெண்டில் ஏப்ரல் 20-ஐச் சுற்றி எந்த வரவும் இல்லை. தம்பியின் சேமிப்புக் கணக்கில் மட்டும் பணம் போன பதிவு இருக்கிறது. திரும்பி வந்ததாகப் பதிவு இல்லை. என் அனுபவத்தில் இப்படிப்பட்ட பணம் பெரும்பாலும் கிளையின் சஸ்பென்ஸ் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். கணக்கு எண்ணிலோ குறிப்பிலோ ஒரு இடறல் இருந்தால் கணினி அதை அங்கே தள்ளிவிடும், யாராவது கேட்கும்வரை அங்கேயே கிடக்கும். கண்டுபிடிக்க ஒரே சாவி, அந்தப் பரிவர்த்தனையின் யூடிஆர் எண். தம்பியின் பாஸ்புக் பதிவில் அது இருந்தது.

இந்த ஒரு பணம் என்ன செய்கிறது பாருங்கள். அதை ஏப்ரல் 20-இல் வரவு வைத்தால் மார்ச் தவணை அடைந்துவிடும். பழைய பாக்கி ஏப்ரல் 5 தவணையாகிறது. அதில் இருந்து 90 நாள் என்றால் ஜூலை 4. அப்படியானால் ஜூன் 16 அன்று கணக்கு வாராக்கடனே ஆகவில்லை. ஆகாத கணக்கின் பேரில் 13(2) நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருக்கிறது. இது கருணை கேட்பது இல்லை, அடித்தளத்தையே கேட்பது. அதிகாரி தன் கணினியில் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்க முடிகிற கேள்வி என்பதால்தான் இதற்கு பலம்.

தொகையில் பிழை இருப்பது தனி விஷயம். நோட்டீஸில் கேட்டது 24,97,640 ரூபாய். அதில் இந்த 41,325 கழிக்கப்படவில்லை. அபராதக் கட்டணம் என்று 18,400 ரூபாய் சேர்ந்திருந்தது. 2023-இல் ரிசர்வ் வங்கி விதித்தபடி அபராதத்தை வட்டியாக வசூலிக்கவோ, அதை அசலோடு சேர்த்து மேலும் வட்டி போடவோ கூடாது. 2024-இல் அது பழைய கடன்களுக்கும் வந்துவிட்டது. அபராதம் என்று எழுதிய வரிகளை எல்லாம் மஞ்சள் பேனாவால் அடித்து, தேதியோடு தாளில் எழுதிக்கொண்டோம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தொகையில் சில ஆயிரம் வித்தியாசம் இருக்கிறது என்பதற்காக நோட்டீஸ் முழுதும் செல்லாது என்று கடன் மீட்புத் தீர்ப்பாயம் சொல்வது அரிது. கணக்கைத் திருத்தச் சொல்லும் கோரிக்கையாக வையுங்கள், தலைப்பு வாதமாக வைக்காதீர்கள்.

சொத்து விவரத்தைப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள்

பலர் நோட்டீஸின் கடைசிப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. எங்களுடையதில் '3,400 சதுர அடி மனையும் கட்டடமும்' என்று இருந்தது. பதிவான ஒப்படைப்பில் 2,400 சதுர அடிதான். மீதி ஆயிரம், வீட்டின் பின்பக்கம் தென்னை நிற்கும் இடம். அம்மாவின் பெயரில் தனிக் கிரயப் பத்திரம், அது அம்மாவின் பீரோவிலேயே இருக்கிறது. வங்கிக்கு அதைக் கொடுத்ததே இல்லை.

இந்தத் தவறு எப்படி நடந்திருக்கும் என்பது எனக்கு உடனே புரிந்தது. கடன் கொடுக்கும்போது மதிப்பீட்டாளர் வந்து காம்பவுண்டு சுவரைச் சுற்றி அளந்து அறிக்கை தருவார். அவசரத்தில் நோட்டீஸ் எழுதுகிறவர் அந்த அறிக்கையில் இருந்து சொத்து விவரத்தை எடுத்துப் போட்டுவிடுவார். நான்கெல்லையைப் பாருங்கள்: பத்திரத்தில் 'கிழக்கே' இன்னாருடைய மனை என்று இருந்தால், நோட்டீஸில் 'கிழக்கே தெரு' என்று இருக்கும். அங்கேதான் பிசகு தெரியும். இதைக் கேட்காமல் விட்டால், கைப்பற்றல் நோட்டீஸும் அதே விவரத்தோடு ஒட்டப்படும், தென்னை நிற்கும் இடமும் ஏலத்துக்குப் போகும்.

அம்மா கடன்காரர் அல்லர், ஜாமீனும் போடவில்லை. ஆகவே அவருக்கென்று அரைப் பக்கத்தில் தனிக் கடிதம் எழுதி, தன் பத்திர நகலை இணைத்துக் கையெழுத்துப் போட வைத்தோம். பிள்ளைகளின் கடிதத்தில் அவரையும் சேர்த்திருந்தால் பின்னால், 'நீங்களும் கடனை ஒப்புக்கொண்டவர்தானே' என்ற கேள்வி எழும்.

வேறு சில ஆட்சேபங்களும் உண்டு; எங்களுக்குப் பொருந்தவில்லை, உங்களுக்குப் பொருந்தலாம். விவசாய நிலத்தின் மேல் வைத்த அடமானத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் நஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் அங்கே விவசாயம் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைக் காட்டும் பொறுப்பும் உங்களுடையது. பெரும்பகுதி கட்டி முடித்துவிட்டு, பாக்கி அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் கீழே நிற்கிறது என்றால் அதுவும் விலக்கு. நோட்டீஸ் கோலாலம்பூர் முகவரிக்கு வரவில்லை என்ற ஆட்சேபத்தை ஒரு வரியில் குறித்துவிட்டு நகருங்கள். பதில் எழுதுகிற நீங்களே நோட்டீஸைப் படித்துவிட்டீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறதே.

கடிதத்தின் உடல்

ஆங்கிலத்தில் எழுதுவது நடைமுறைக்கு நல்லது. கோப்பு வட்டார அலுவலகம், சட்டப் பிரிவு என்று சுற்றும். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நோட்டீஸின் தேதி, எண், கடன் கணக்கு எண், அனுப்பியவரின் பதவி ஆகியவற்றை மேலே போட்டுவிட்டு, இது 13(3A) பிரிவின் கீழான ஆட்சேபம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பிரிவு எண்ணைப் பார்த்தால்தான் அதிகாரி பதினைந்து நாள் கணக்கைத் தொடங்குவார். நாங்கள் எழுதிய முதல் ஆட்சேபத்தின் சாரம் தமிழில் இது:

> 'தங்கள் நோட்டீஸ் எங்கள் கணக்கை 3.6.2025 அன்று வாராக்கடனாக வகைப்படுத்தியதாகச் சொல்கிறது. 20.4.2025 அன்று 41,325 ரூபாய் நெஃப்ட் மூலம் இந்தக் கணக்குக்குச் செலுத்தப்பட்டது. யூடிஆர் எண்ணும் பாஸ்புக் பக்கமும் இணைப்பு 1. இத்தொகை தங்கள் ஸ்டேட்மெண்டில் வரவாகவில்லை; எங்களுக்குத் திரும்பவும் இல்லை. இதை வரவு வைத்தால் 16.6.2025 அன்று எந்தத் தவணையும் 90 நாள் நிலுவையில் இல்லை. ஆகவே நோட்டீஸைத் திரும்பப் பெறுமாறு கேட்கிறோம்.'

ஒவ்வொரு ஆட்சேபமும் இப்படித்தான் இருக்க வேண்டும். நோட்டீஸ் என்ன சொல்கிறது, எங்கள் காகிதம் என்ன காட்டுகிறது, ஆகவே என்ன செய்யச் சொல்கிறோம். சொத்து விவரத்துக்கும் அதே அமைப்பு, அதற்கு வில்லங்கச் சான்று இணைப்பு 2. அபராதத்துக்குப் பட்டியல் இணைப்பு 3.

அக்காவுக்கு இதில் திருப்தி இல்லை. தம்பிக்குத் தொழில் நொடித்தது, தனக்கு இங்கே சம்பளம் குறைந்தது, ஆறு மாதம் பொறுத்தால் எல்லாவற்றையும் கட்டிவிடுவோம் என்றெல்லாம் எழுத வேண்டும் என்றார். 'மனிதர்கள்தானே, படித்தால் இரக்கம் வராதா?' என்று கேட்டார். வரும். நானே இரக்கப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்துக்கு நான் எழுதிய மறுமொழி ஒரே வரியாக இருக்கும்: 'கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு அவகாசம் கேட்கிறார், அவகாசம் தர இயலாது.' ஆட்சேபங்கள் எல்லாம் அந்த ஒரு வரியின் அடியில் போய்விடும்.

இது என் பயம் மட்டும் அல்ல. 2018-இல் புளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்சேபத்துக்குக் காரணத்தோடு பதில் தருவது வங்கியின் கட்டாயக் கடமை என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் அந்த வழக்கிலேயே கடன்காரர் தோற்றார். அவர் எழுதியது பெரும்பாலும் அவகாசக் கோரிக்கை. கடன் கொடுத்தவர் அவரோடு பலமுறை பேசி, வாய்ப்பும் கொடுத்திருந்தார். முறைப்படி பதில் தராததால் அவருக்குக் கெடுதல் எதுவும் ஆகவில்லை என்று நீதிமன்றம் பார்த்தது. ஆகவே அவகாசமோ சமரசத் தொகையோ கேட்பதானால் தனிக் கடிதம், தனி நாள். அதிலும் முதல் வரியில் 'எங்கள் 14.7.2025 தேதியிட்ட ஆட்சேபங்களுக்குப் பாதகம் இல்லாமல்' என்று போடுங்கள். நாங்கள் அதை ஒரு வாரம் கழித்து அனுப்பினோம். தம்பியின் தொழில் நிலவரம் எல்லாம் அதில்தான் போனது.

அனுப்புவதும் சாட்சி வைப்பதும்

ஜூலை 14, இருபத்தெட்டாம் நாள். மூன்று வழியில் அனுப்பினோம். நோட்டீஸில் இருந்த அதிகாரியின் மின்னஞ்சலுக்கு, வங்கியில் பதிவான தம்பியின் மின்னஞ்சலில் இருந்து, இணைப்புகளோடு ஒரே பிடிஎஃப். அதே நாள் திருச்சி தபால் நிலையத்தில் இருந்து ஸ்பீட் போஸ்ட். மூன்றாவதாக, தம்பி நேரில் கிளைக்குப் போய் நகலில் 'பெறப்பட்டது' என்று முத்திரையும் தேதியும் வாங்கினார். முதலில் கவுண்டரில் இருந்தவர், 'இதை நாங்கள் வாங்க முடியாது, அதிகாரி சென்னையில் இருக்கிறார்' என்றார். அப்படிச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம்; 'தபால் பிரிவில் பதிவு பண்ணிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். உள்ளே வரும் கடிதத்துக்குப் பதிவேடு எல்லாக் கிளையிலும் உண்டு. அங்கே போட்ட முத்திரையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இங்கிருந்து கூரியரில் அசல் கடிதம் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. அக்கா கையெழுத்திட்ட பக்கத்தை ஸ்கேன் செய்து, தம்பி அதை அச்சடித்து அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அசலைப் பின்னால் போஸ் மலேசியாவில் அனுப்பினோம்.

வங்கியின் மறுமொழி வந்த பிறகு

மூன்று விதம் நடக்கலாம். வங்கி ஏற்று நோட்டீஸைத் திருத்தலாம். காரணம் சொல்லி மறுக்கலாம். வாய் திறக்காமல் இருக்கலாம். வாய் திறக்கவில்லை என்றால் பதினாறாம் நாள் ஒரு பத்தி நினைவூட்டல் அனுப்புங்கள். பின்னால் தீர்ப்பாயத்தில் இந்த மௌனம் உங்கள் வாதமாகும்.

மறுத்தால் உடனே வழக்குப் போட முடியாது. வங்கி சொன்ன காரணத்தை எதிர்த்து மட்டும் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை இல்லை என்று அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. உரிமையியல் நீதிமன்றத்தின் கதவையும் சட்டம் பொதுவாக அடைத்துவிட்டது. 13(4)-இன் கீழ் கைப்பற்றல் நடவடிக்கை தொடங்கிய பின்னரே கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப்போடலாம். அதற்கு 45 நாள். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் அது இருக்கிறது. வாசலில் ஒட்டி, இரண்டு நாளிதழிலும் போடுகிற கைப்பற்றல் நோட்டீஸ் வந்தால், வீட்டில் ஆள் குடியிருந்தாலும் காகித அளவில் சொத்து வங்கி கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். நாற்பத்தைந்து நாளும் அங்கிருந்து ஓடத் தொடங்கும். அப்போது நீங்கள் அளிக்கும் மனுவில் முதல் இணைப்பாக நிற்பது இந்தப் பதில் கடிதம். அதில் சொல்லாத ஒன்றை அங்கே புதிதாகச் சொன்னால், 'அப்போதே ஏன் கேட்கவில்லை?' என்பார்கள்.

எங்களுக்கு மறுமொழி ஜூலை 28 அன்று வந்தது, பதினான்காம் நாள். ஏப்ரல் 20 பணம் சஸ்பென்ஸ் கணக்கில் இருந்ததை ஒப்புக்கொண்டார்கள். சொத்து விவரம் 2,400 சதுர அடியாகத் திருத்தப்பட்டது. அபராதம் ஒப்பந்தப்படியானது என்று சொல்லி அந்த ஆட்சேபத்தை மட்டும் மறுத்தார்கள். பழைய நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டு, ஜூலை 30 தேதியிட்ட புது நோட்டீஸ் வந்தது. வாராக்கடன் தேதி இப்போது ஜூலை 4. இடையில் வட்டி ஏறியதால் மொத்தத் தொகை பெரிதாகக் குறையவில்லை. கடனும் அப்படியே நிற்கிறது. கிடைத்தது இரண்டு: அம்மாவின் தென்னை தப்பியது, ஆகஸ்ட் 15 என்ற நாள் செப்டம்பர் 28 ஆனது.

அந்த நாற்பத்து நான்கு நாளைத் தம்பி லாரி ஒன்றை விற்கவும், வங்கியோடு பேசவும் பயன்படுத்தினார். அக்கா வேறு ஒரு வேலையை முடித்தார். பேச்சு முறிந்து கைப்பற்றல் வந்தால் தீர்ப்பாயத்தில் அவர் சார்பில் கையெழுத்திட ஆள் வேண்டும். அப்போது பவர் எழுத ஓட நேரம் இருக்காது. ஆகஸ்டிலேயே ஒரு வழக்கறிஞரிடம் பவர் வாசகம் வாங்கி, கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி செய்து அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தம்பி அதைக் கட்டி, முத்திரை விழுந்த பக்கத்தை அதே வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினார். இந்த முறை வந்த அன்றே.